காலி என்று சொன்ன தேதி

கல்யாண மண்டபத்து மேனேஜரை அங்கே யாரும் மேனேஜர் என்று கூப்பிடுவதில்லை. சாவியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சமையல்கட்டு, ஸ்டோர், மாப்பிள்ளை அறை, பெண் அறை, ஜெனரேட்டர் ரூம் என்று அத்தனை சாவியும் ஒரே வளையத்தில் அவள் இடுப்பில் தொங்கும். மனசு சரியில்லாத நாளில் அந்த வளையத்தைக் கையில் எடுத்துச் சுழற்றிக்கொண்டே நடப்பாள். சத்தத்தை வைத்தே மண்டபத்து எலக்ட்ரீஷியன் மற்றவர்களை எச்சரித்துவிடுவார், இன்றைக்கு அக்காவிடம் எதுவும் கேட்க வேண்டாம் என்று.

கொஞ்ச நாளாக அந்தச் சத்தம் ஓயவே இல்லை.

விஷயம் இதுதான். ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு மண்டபம் பதிவாகியிருந்தது. பெண்ணின் அப்பாவே நேரில் வந்து, வாடகையில் பாதியை அட்வான்ஸாகக் கட்டி, தன் பேரில் ரசீது வாங்கிப் போயிருந்தார். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அந்த மனிதர் காலையில் முகம் கழுவப் போன இடத்தில் சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. மறுநாள் பெண்ணின் சித்தப்பா போன் செய்து, மண்டபம் வேண்டாம் என்று சொன்னார். கட்டின பணம் என்ன ஆகும் என்றும் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

சாவியக்கா துக்கம் விசாரித்துவிட்டு, ரசீதின் பின்பக்கம் அச்சடித்திருந்ததைச் சொன்னாள். கல்யாணத் தேதிக்கு ஒரு மாதம்கூட இல்லாதபோது ரத்து செய்தால் அட்வான்ஸ் திரும்பாது. வேண்டுமானால் ஒரு வருஷத்துக்குள் வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம். அதோடு போனை வைத்திருக்கலாம். எதிர்ப்பக்கம் அந்த மனிதர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவள் நாக்கு தானாக இளகியது.

"அந்தத் தேதிக்கு வேற யாராவது வந்தாங்கன்னா, அப்ப வந்து பேசுங்க சார். முதலாளிகிட்ட சொல்லிப் பாக்கறேன்."

அந்த வாரம் முடிவதற்குள் வேறு ஆள் வந்தது. மருந்துக் கம்பெனி ஒன்று தன் டீலர்களைக் கூட்டிப் பேச இடம் தேடிக்கொண்டிருந்தது. கேட்டது சரியாக அதே தேதி. பகல் மட்டும் போதும், சமையல்கட்டு வேண்டாம், மைக்கும் திரையும் இருந்தால் சரி என்றார்கள். பேரம் பேசி, வழக்கமான வாடகையில் முக்கால் பங்குக்கு முடிந்தது. பதிவு செய்து ரசீது போட்டது சாவியக்காதான்.

மாடியில் இருக்கும் முதலாளியிடம் போய்ச் சொன்னாள். அவர் கணக்கு மெஷினைத் தட்டிக்கொண்டே தலையாட்டினார்.

"அந்த செத்துப்போனவர் வீட்டுல சொல்லணுமே சார். வேற ஆள் வந்தா பேசலாம்னு சொல்லியிருக்கேன்."

முதலாளியின் விரல் நின்றது. "நீ ஏன் சொன்ன?"

"வாய் தவறி வந்துருச்சு."

"வாய் தவறி வந்தத வாய் திறக்காம விட்டுரு. ஐஸ்கிரீம் மாமாவ மறந்துட்டியா?"

மறக்கவில்லை. மண்டபத்தில் யாரும் மறக்க முடியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு குடும்பம், மாப்பிள்ளையின் தாய்மாமா திடீரென்று இறந்துவிட்டார் என்று அழுதுகொண்டே வந்தது. முதலாளி மனசு கரைந்து முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தார். சில மாதம் கழித்து வேறொரு கல்யாணத்துக்கு அதே குடும்பம் விருந்தாளியாக வந்தது. கூடவே அந்தத் தாய்மாமாவும் வந்தார். நன்றாகச் சாப்பிட்டார். ஐஸ்கிரீம் இரண்டாவது கப் கேட்டுத் தராததற்குப் பந்தியில் எழுந்து நின்று சண்டை போட்டார். செத்தவர் சண்டை போட்டதைப் பார்த்துக்கொண்டே நின்றது சாவியக்காவும் முதலாளியும்தான். அன்றைக்குப் போட்ட சட்டம்தான் ரசீதின் பின்பக்கம் இருப்பது.

"இவங்க பொய் சொல்லல சார். சித்தப்பா டெத் சர்டிபிகேட்டையே அனுப்பியிருக்கார்."

"நான் பொய்னு சொல்லலம்மா. ஒருத்தருக்குக் குடுத்தா நாளைக்கு வரிசையா வருவாங்க. ஏசிக்கு வாங்கின கடனுக்கு பேங்க்காரன் இரக்கப்பட்டு வட்டிய விடுவானா? கேட்டா, தேதி காலியாத்தான் இருக்குன்னு சொல்லிரு. முடிஞ்சுது."

யாராவது கேட்டால்தானே என்று சாவியக்கா தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு கீழே இறங்கினாள். இழவு விழுந்த வீட்டுக்கு இப்போது மண்டபம்தான் நினைவில் இருக்கப் போகிறதா?

ஆனால் கேட்க ஆள் வந்தது. சித்தப்பா வரவில்லை, கல்யாணப் பெண்ணே வந்தாள்.

மதியச் சாப்பாட்டு நேரம். வெள்ளை மேல்கோட்டைக் கழற்றாமல், நெஞ்சுப் பையில் பேனாவோடு, விறுவிறுவென்று ஆபீஸ் அறைக்குள் நுழைந்தாள். ரத்தப் பரிசோதனை செய்யும் லேப்பில் வேலை என்று கோட்டில் தைத்திருந்த நிறுவனத்தின் பெயரே சொன்னது. உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரொம்ப நேரம் எடுத்துக்க மாட்டேன் மேடம். எனக்கு அரை மணி நேரம்தான் பிரேக். எங்க கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நடக்கப் போகுது, கொஞ்ச நாள் கழிச்சு. ரெண்டு சாட்சி, நாலு நாற்காலி. அதனால தேதி மாத்தறது எங்களுக்கு உதவாது. அம்மாவால இனிமே ஒரு மண்டபத்துக்குள்ள வந்து உக்கார முடியாது."

"புரியுதும்மா."

"அட்வான்ஸ முழுசாக் கேக்க வரல. ரசீதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சேன். பாதியாவது குடுக்க முடியுமான்னு கேக்க வந்தேன். அதுக்கும் ஒண்ணு தெரிஞ்சுக்கணும். அந்தத் தேதிக்கு வேற யாராவது வந்தாங்களா?"

கேள்வி இவ்வளவு நேராக வரும் என்று சாவியக்கா எதிர்பார்க்கவில்லை. அழுகை வரும், கோபம் வரும், கெஞ்சல் வரும். எல்லாவற்றுக்கும் பதினைந்து வருஷத்துப் பதில் அவளிடம் தயாராக இருந்தது. இதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அது முதலாளி சொல்லிக்கொடுத்தது.

"இல்லம்மா. காலியாத்தான் இருக்கு."

அந்தப் பெண் ஒரு நொடி அவள் முகத்தையே பார்த்தாள். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. மனசுக்குள் எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப சரி மேடம்."

"என்னம்மா?"

"உங்களுக்கும் ஒரு நாள் வருமானம் போயிருக்கு. எங்களாலதான் போச்சு. அத வெச்சுக்கிட்டு நான் எப்படிப் பாதியத் திருப்பிக் கேக்கறது? யாராவது வந்திருந்தா கேக்கலாம்னு நெனச்சேன். சித்தப்பா போன்ல கோவமா ஏதாவது பேசியிருந்தா மனசுல வெச்சுக்காதீங்க."

வந்த வேகத்திலேயே திரும்பிப் போனாள். வாசலில் பலகை தூக்கிக்கொண்டு வந்த ஆட்களுக்கு ஒதுங்கி வழிவிட்டது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பிறகு தெருவில் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சாவியக்காவுக்குத் தோன்றியது. "உருப்பட மாட்டீங்க" என்று ஒரு வார்த்தை விட்டிருந்தால்கூட மாலைக்குள் மறந்திருப்பாள். மன்னிப்புக் கேட்டுவிட்டல்லவா போயிருக்கிறாள்!

அன்று முழுக்க அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஸ்டோரைத் திறந்து எண்ணி முடித்த தட்டுகளை மறுபடி எண்ணினாள். பாதி எண்ணும்போது கணக்குத் தவறியது. எலக்ட்ரீஷியன் ஏணியில் நின்று டியூப்லைட் மாற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் போய், அந்த லைட்டை ஏன் இன்னும் மாற்றவில்லை என்று கத்தினாள்.

"அதத்தாங்க்கா மாத்திக்கிட்டு இருக்கேன்."

"தெரியுது. சீக்கிரம் மாத்துங்க."

அவர் மேலேயிருந்து அவளையும் சாவி வளையத்தையும் பார்த்துவிட்டு டியூப்லைட் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்குப் போயும் அதே கதைதான். அவள் கணவன் பள்ளி வேன் ஓட்டுகிறவன். சாப்பிட உட்கார்ந்தவன் அவள் குழம்பில் கரண்டியை விட்டுவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தான். என்னவென்று கேட்டான். சொன்னாள்.

"இதுல உன் தப்பு என்ன இருக்கு? முதலாளி சொன்னார், நீ சொன்ன. சம்பளம் யார் குடுக்கறா?"

"பொய் சொன்னது என் வாய்தானே."

"வியாபாரத்துல நாலு வார்த்த முன்ன பின்ன இருக்கும். அந்தப் பொண்ணே சரின்னு போயிருச்சுல்ல? அப்புறம் நீ எதுக்குப் போய்க் கெளறுற? சின்னவளுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டிய மாசம் இது. ஞாபகம் இருக்கட்டும்."

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலை மண்டபத்துக்கு வந்ததும் முதல் வேலையாகப் போனை எடுத்தாள். பதிவுப் புத்தகத்தில் இருந்த எண்ணை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு பெண் குரல், கொஞ்சம் வயதான குரல், "அலோ, அவர் இல்லைங்க" என்றது. எடுத்ததும் அதைத்தான் சொன்னது. எத்தனை பேருக்கு இப்படிச் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறதோ!

இறந்தவரின் போன் அது. எடுத்தது அவர் மனைவி.

"ராங் நம்பர்மா" என்று சொல்லிவிட்டு சாவியக்கா போனை வைத்தாள். வைத்த பிறகுதான் உறைத்தது, அந்த வீட்டுக்கு இது இரண்டாவது பொய்.

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. பேங்க் வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்று காவலாளியிடம் சொல்லிவிட்டு — அது மூன்றாவது — ஆட்டோ பிடித்து அந்த லேப்புக்குப் போனாள்.

லேப் சின்ன இடம்தான். கூட்டம் பெரிது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அந்தப் பெண் ஒருவர் மாற்றி ஒருவராக ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். முன் மேஜையில் இருந்தவர் தலை நிமிராமல், "என்ன டெஸ்ட்?" என்றார்.

"அவங்களப் பாக்கணும். ரெண்டு வார்த்த பேசணும்."

"எல்லாரும் அவங்களத்தான் பாக்க வந்திருக்காங்க. டோக்கன் போட்டாத்தான் உள்ள. என்ன டெஸ்ட்?"

சாவியக்கா சுற்றிலும் பார்த்தாள். சுவரில் விலைப்பட்டியல் ஒட்டியிருந்தது. இருப்பதிலேயே குறைந்த விலையில் சர்க்கரை டெஸ்ட் இருந்தது. பணம் கட்டி டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த அம்மா, எத்தனை வருஷமாகச் சர்க்கரை என்று அன்பாக விசாரித்தாள். "நேத்துலேருந்துதான்" என்றாள் சாவியக்கா.

முறை வந்ததும் உள்ளே போய் அந்தப் பெண்ணுக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவள் நிமிர்ந்து பார்த்து, அடையாளம் தெரிந்து, லேசாகச் சிரித்தாள்.

"நீங்களா மேடம்? சாப்பிட்டீங்களா, வெறும் வயித்துல வந்திருக்கீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்மா. நான் வந்தது..."

"இல்ல மேடம், சொன்னாத்தான் எழுத முடியும்."

"சாப்பிட்டேன். இட்..." என்று ஆரம்பித்து, என்ன சாப்பிட்டோம் என்பதே நினைவில்லாமல், "சாப்பிட்டேன்" என்று முடித்தாள்.

பெண் அவள் கையை நீட்டவைத்து, மேல்கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். விரலால் தட்டி நரம்பைத் தேடினாள். பஞ்சால் துடைத்தாள். ஊசி இறங்கியது.

"அந்தத் தேதி காலியா இல்லம்மா" என்றாள் சாவியக்கா.

"அசையாதீங்க."

"நான் சொன்னது பொய். ஒரு மருந்துக் கம்பெனி எடுத்திருக்காங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடியே எடுத்துட்டாங்க. ரசீது போட்டதே நான்தான்."

அந்தப் பெண்ணின் கை ஆடவில்லை. குழாயில் ரத்தம் ஏறும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டையை அவிழ்த்தாள், ஊசியை எடுத்தாள், பஞ்சை வைத்து, "மடக்கிப் பிடிங்க, தேய்க்காதீங்க" என்றாள். குழாயில் பெயர் எழுதப் போனவள் பேனாவை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் மேடம் அப்படிச் சொன்னீங்க?"

"முதலாளி சொல்லச் சொன்னார்."

"இப்ப யார் சொல்லச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"நான் வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட சொன்னேன். அவங்களுக்கும் நஷ்டம்மா, நாம அந்தப் பணத்த மறந்துரலாம்னு. அம்மா சரின்னாங்க. எங்க சித்தப்பா என்னப் பாத்து, நீ ஒரு ஏமாளின்னாரு. அவர்கிட்ட சண்ட போட்டேன். அப்பா போனதுக்கப்புறம் நான் வாயத் திறந்து பேசினதே அந்தச் சண்டதான்." குரல் உயரவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. "எவ்வளவுக்குக் குடுத்தீங்க?"

சாவியக்கா சொன்னாள். வாடகையில் முக்கால்.

பெண் கணக்குப் போட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "அப்பா கட்டினது வாடகையில பாதி. உங்களுக்குக் குறைஞ்சது கால். அப்ப எங்களுக்கு வர வேண்டியது மீதிக் கால். அட்வான்ஸ்ல சரி பாதி. நான் குருட்டாம்போக்குல கேட்டது சரியாத்தான் இருந்திருக்கு."

"ஆமாம்மா."

"அடுத்து யாரு?" என்று அவள் வெளியே பார்த்துக் குரல் கொடுத்தாள். பிறகு தணிந்த குரலில், "நாளைக்கு வர்றேன். உங்க முதலாளி எப்ப இருப்பார்?" என்றாள்.

சொன்னபடி வந்தாள். இந்த முறை கோட்டு இல்லை. கையில் ரசீதும் ஒரு வெள்ளைத் தாளும் இருந்தன. மாடியில் முதலாளிக்கு முன்னால் உட்கார்ந்தாள். சாவியக்கா அலமாரி ஓரமாக நின்றாள். வளையம் சத்தம் போடாமல் இருக்க அதை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பெண் தாளை நீட்டினாள். மிஞ்சிப் போனால் பத்து வரி. அப்பா இறந்ததால் ரத்து செய்தோம், அதே நாளுக்கு மண்டபம் வேறு ஒருவருக்கு வாடகைக்குப் போயிருப்பதாக அறிகிறோம், உங்களுக்கு ஏற்பட்ட குறைவைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். மிரட்டலும் இல்லை, அழுகையும் இல்லை.

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "வேற ஆளுக்குப் போயிருக்குன்னு உனக்கு யாரும்மா சொன்னது?"

பெண் சாவியக்கா பக்கம் திரும்பவே இல்லை. "மருந்துக் கம்பெனி ஆளுங்க எங்க லேப்புக்கு வருவாங்க சார். பேச்சுவாக்குல சொன்னாங்க."

முதலாளி "ஓ" என்றார். அதோடு முடிந்திருக்கும். சாவியக்காவுக்கு உள்ளங்கை வலித்தது. தன்னைக் காப்பாற்ற அந்தப் பெண் ஒரு பொய் சொல்லிவிட்டாள். அவளுக்கு அது வழக்கமே இல்லை என்பது அவள் கழுத்து விறைத்திருந்ததிலேயே தெரிந்தது.

"இல்ல சார். நான்தான் போய்ச் சொன்னேன்."

முதலாளி நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

"நீயா?"

"நான்தான். யாராவது வந்தா பேசலாம்னு வாக்குக் குடுத்தது நான். காலின்னு சொன்னதும் நான். என்னால சும்மா இருக்க முடியல சார்."

முதலாளி கோபக்காரர் இல்லை. கோபம் வந்தால் பேச்சு குறைந்துவிடும். மேஜை மேல் இருந்த பேப்பர்வெயிட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினார்.

"பதினஞ்சு வருஷமா இங்க இருக்க. இந்த மண்டபத்துல என்னவிட உனக்குத்தான் அதிகம் தெரியும். வெளியில போய் வீட்டு விஷயத்தச் சொல்லிட்டு வருவேன்னு நான் நெனக்கல."

"அவங்க என்னத் திட்டியிருந்தா போயிருக்க மாட்டேன் சார்."

அவருக்கு அது புரியவில்லை. பெண்ணுக்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

முதலாளி கணக்கு மெஷினைப் பக்கத்தில் இழுத்தார். வாடகை, முக்கால், அட்வான்ஸ் என்று முணுமுணுத்துக்கொண்டே தட்டினார். பெண் சொன்ன பாதியேதான் அவருக்கும் வந்தது. மறுபடி தட்டினார். மறுபடியும் அதுவேதான் வந்தது.

"அட்வான்ஸுக்கு அப்பவே வரி கட்டியாச்சு. அது என் கையில இல்ல. ஆபீஸ் செலவுன்னு கொஞ்சம் பிடிப்பேன். பாதிக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் வரும்."

"வரி எங்களுக்காகக் கட்டினதுதானே சார். கழிச்சுக்கோங்க. ஆபீஸ் செலவு என்னன்னு சொல்லுங்க."

"என்னம்மா, கறாரா கேக்கற?"

"அப்பா இருந்தா கேப்பார் சார்."

முதலாளி ஒரு மாதிரி சிரித்தார். ஆபீஸ் செலவைப் பாதியாகக் குறைத்தார். குறைத்துவிட்டு, விரலை நீட்டிச் சொன்னார். "ஒண்ணு தெரிஞ்சுக்கோம்மா. சாவுக்காக நான் திருப்பித் தரல. தேதி போணியாச்சு, அதுக்காகத் தரேன். வெளியில யார்கிட்டயும் சாவுன்னு சொன்னா பணம் திரும்ப வரும்னு சொல்லிராத."

"சரி சார்."

கடைசியில் ஒரு சிக்கல். ரசீது அப்பா பேரில் இருந்தது. அவர் பேருக்குச் செக் எழுதினால் யார் போய்ப் போடுவது? கணக்கர் கீழேயிருந்து வந்து வழி சொன்னார். இறப்புச் சான்றிதழ் நகல், மனைவி பேருக்கே தரலாம் என்று மகள் ஒரு கையெழுத்து, மனைவி நேரில் வந்து வாங்கிக்கொண்டதாக ஒரு கையெழுத்து. இவ்வளவு இருந்தால் செக்கை மனைவி பேரிலேயே எழுதிவிடலாம். "ஒரு வாரம் ஆகும்" என்றார்.

அந்த ஒரு வாரத்துக்குள் அந்தத் தேதி வந்தது, போனது. டீலர்கள் வந்தார்கள். மேடையில் ஒருவர் இருமல் மருந்து விற்பனையைப் படம் போட்டு விளக்கினார். கைதட்டினார்கள். சாவியக்கா பின்வரிசைக்குப் பின்னால் இங்கும் அங்கும் நடந்துகொண்டே இருந்தாள். மதியம் லேப்பிலிருந்து ஒரு வழியாக அவள் போனுக்கு ரிப்போர்ட் வந்தது. சர்க்கரை சரியாக இருக்கிறது என்று போட்டிருந்தது.

முதலாளி அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. அவளிடம் அதைப் பற்றி மறுபடி பேசவும் இல்லை. ஆனால் தன் அக்கா மகனைக் கூட்டிவந்து ஆபீஸ் அறையில் உட்காரவைத்தார். பதிவுப் போன் இனி அவனிடம் இருக்கட்டும், உனக்கு வேலைச் சுமை குறையும் என்றார். சாவிகள் அவளிடமே இருந்தன. போன் அடிக்கும்போதெல்லாம் பழக்கதோஷத்தில் அவள் கை நீளும், பாதியில் நின்றுவிடும். வீட்டில் கணவன் ஒன்றும் சொல்லவில்லை. நான் அப்பவே சொன்னேனே என்றாவது சொல்லட்டும் என்று அவள் காத்திருந்தாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "சம்பளம் அதேதானே?" என்று மட்டும் கேட்டான்.

செக் தயாரானதும் தாயும் மகளும் வந்தார்கள். தாய் குள்ளமாக, முழங்காலை இழுத்து இழுத்து நடப்பவளாக இருந்தாள். குரலைக் கேட்டதும் சாவியக்காவுக்குப் போனில் கேட்ட "அவர் இல்லைங்க" ஞாபகம் வந்து முகம் சுண்டியது. காட்டின இடத்தில் எல்லாம் அந்த அம்மா நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். செக்கைப் பார்க்காமலே மகளிடம் கொடுத்தாள். பிறகு சாவியக்காவைப் பார்த்து, "மண்டபத்த ஒரு தடவ பாக்கலாமா? நான் பாக்கவே இல்ல. அவர் மட்டும்தான் வந்தார்" என்றாள்.

"அம்மா, வேண்டாம்" என்றாள் மகள்.

"பாத்தா என்னடி? கடிச்சா வெச்சுரும்?"

சாவியக்கா கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே ஆட்கள் வேறொரு விசேஷத்துக்கு நாற்காலிகளுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார்கள். தாய் கடைசி வரிசையில் ஒரு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டாள். கூரையைப் பார்த்தாள். மேடையைப் பார்த்தாள்.

"அவர் இங்க வந்தப்ப என்னம்மா சொன்னார்? ஏதாவது பேசினாரா?"

சாவியக்காவுக்கு நாக்கு நுனியில் ஒரு பதில் வந்து நின்றது. உங்க பொண்ணைப் பத்தியேதான்மா பேசிக்கிட்டிருந்தார், முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். சொன்னால் அந்த அம்மா வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்வாள். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. மாதத்துக்கு எத்தனையோ அப்பாக்கள் வருகிறார்கள். எல்லாரும் ஒரே மாதிரிதான் ரசீதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறார்கள். அந்த மனிதரின் முகத்தை அவள் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

"ஞாபகம் இல்லம்மா" என்றாள். "எவ்வளவோ யோசிச்சுப் பாத்தேன். ஞாபகம் வரல. தப்பா நெனச்சுக்காதீங்க."

மகள் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். தாய் தலையை ஆட்டினாள்.

"வராதும்மா. எங்க போனாலும் அவர் வாயத் திறக்க மாட்டார். நேராப் போய் பாத்ரூம் குழாயெல்லாம் திறந்து மூடிப் பாப்பார். தண்ணி சொட்டினா அந்த இடமே பிடிக்காது. எங்க கல்யாணத்தன்னிக்கே கை கழுவற இடத்துல நின்னு குழாயத் திருகிக்கிட்டு இருந்தார், எல்லாரும் மாப்பிள்ளையக் காணோம்னு தேடினாங்க." சொல்லிவிட்டு மறுபடி சுற்றிலும் பார்த்தாள். "எதுக்கு இவ்ளோ பெருசா எடுத்தார்? நம்ம ஜனம் மொத்தமும் வந்தாலும் நாலு வரிச ரொம்பாது. இந்த மனுஷனுக்கு எப்பவும் கணக்கு வராது."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவள் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, உறையைக் கையால் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ரத்தம் எடுக்கும்போது ஆடாத தோள் குலுங்கியது. தாய் அவள் முதுகில் கை வைத்தாள்.

மேடைப் பக்கம் ஆட்கள் நாற்காலி அடுக்கைத் தரையோடு சேர்த்து இழுத்தார்கள், கிரீச்சென்று. ஆபீஸ் அறையில் போன் அடித்தது. சாவியக்கா போன் பக்கம் திரும்பவில்லை. வளையத்தை இடுப்போடு சேர்த்து அழுத்திக்கொண்டு, ஆட்களைப் பார்த்துக் கையைக் காட்டியபடி வேகமாக முன்னால் நடந்தாள்.

"தூக்கி வைங்கப்பா. இழுக்காதீங்க. கொஞ்ச நேரம் சத்தம் போடாம இருங்க."